கான்செப்ட் ஜூரியில் எதைக் காட்டுவது, எப்படிப் பதில் சொல்வது?

“கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு. பத்து நாளில் கான்செப்ட் ஜூரி. போன முறை நன்றாகத்தான் பேசினேன், ஆனால் முதல் கேள்வியிலேயே தடுமாறிவிட்டேன். ஸ்கெட்ச்களை எந்த வரிசையில் காட்டுவது? குறை சொன்னால் ஒத்துக்கொள்வதா, வாதாடுவதா?”

பத்து நாள் கையில் இருப்பதால் ஷீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கான்செப்டைச் சோதித்துவிடுங்கள். முதல் கேள்வியில் தடுமாறுகிற மாணவர்களை, டிசைனைப் பார்த்துக் கேள்வி கேட்கிற ஜூரியில் நானும் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்களுக்குப் பேச்சு வராமல் இல்லை. “நுழைவாசல் ஏன் இங்கே?” என்று கேட்டால், அவர்கள் எழுதி வைத்திருக்கிற கான்செப்டில் அதற்குப் பதிலே இருப்பதில்லை. அந்த இடத்தில்தான் வாய் அடைத்துப்போகிறது.

சோதனை எளிது. உங்கள் கான்செப்டை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். பிறகு அதனிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வாசல் எந்தப் பக்கம், எந்த அறை எதன் பக்கத்தில் வரக்கூடாது, எந்தச் சுவரில் ஜன்னல் வேண்டாம். இரண்டுக்காவது அந்த வாக்கியத்திலிருந்து பதில் வந்தால் அது கட்டடத்தை நடத்திச்செல்கிற கான்செப்ட். ஒன்றுக்கும் வரவில்லையென்றால் உங்களிடம் இருப்பது ஒரு உருவகம் மட்டும்.

ஒரு மாணவியின் ஜூரியை முழுக்கச் சொல்கிறேன், அதை வைத்துப் பேசினால் தெளிவாக இருக்கும். அவருக்குக் கொடுத்தது ஒரு சிறிய கிளை நூலகம். முதலில் அவர் கொண்டுவந்த கான்செப்ட் “நூலகம் ஒரு திறந்த புத்தகம்”. கூரையை இரண்டு பக்கமாக விரித்து வரைந்திருந்தார். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கூரை வரைந்து முடிந்ததும் அந்த வாக்கியத்தின் வேலையும் முடிந்துவிட்டது. குழந்தைகள் பகுதி எங்கே என்று கேட்டால் புத்தகம் என்ன சொல்லும்?

அவர் சைட்டுக்குத் திரும்பிப் போனார். மேல் ஓரத்தில் பரபரப்பான சாலை, கீழ் ஓரத்தில் அடர்ந்த மரங்கள், நடுவில் 8 மீட்டருக்கு 1 மீட்டர் என்று இறங்குகிற சரிவு. மேலே நின்று தோழியிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது, கீழே இறங்கி நின்றால் இலை அசைவது கேட்டது. நோட்டில் இதை எழுதிக்கொண்டு வந்தார். அதிலிருந்து பிறந்த வாக்கியம்: “இறங்க இறங்கச் சத்தம் அடங்குகிற சைட் இது, நூலகமும் சத்தத்திலிருந்து அமைதிக்கு இறங்கும்.” இப்போது கேளுங்கள். வாசல் மேலே, சாலைப் பக்கம். செய்தித்தாளும் குழந்தைகளும் மேல் தளத்தில். தனியாக உட்கார்ந்து படிக்கிறவர்கள் கீழே, மரங்களைப் பார்த்தபடி. சாலைப் பக்கச் சுவரில் பெரிய ஜன்னல் வேண்டாம். நான்கு முடிவை அந்த ஒரு வாக்கியமே எடுத்துவிட்டது. கட்டடமும் வடிவம் பெற்றுவிட்டது: 16 மீட்டர் அகலம், சரிவின் போக்கில் தலா 6 மீட்டர் நீளத்தில் ஐந்து தளங்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட 750 மில்லிமீட்டர் கீழே. 6 மீட்டருக்கு 750 என்பது நிலத்தின் சரிவேதான், அதனால் மண்ணை வெட்டுவதும் கொட்டுவதும் குறைவு.

சரி, ஷீட்டுக்கு வருவோம். கான்செப்ட் கட்டத்தில் எல்லாவற்றையும் ஒட்டினால் ஜூரியின் கண் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. எந்த ஓவியம் இல்லாவிட்டால் உங்கள் கான்செப்டை விளக்கவே முடியாதோ, அது நடுவில், பெரிதாக இருக்க வேண்டும். இந்த நூலகத்துக்கு அது செக்‌ஷன்தான். நிலத்தையும் கட்டடத்தையும் நெடுக வெட்டிப் பக்கவாட்டில் காட்டுவது அதுதான். இறங்குகிற கதையைப் பிளானில் காட்ட முடியாது. அவர் சாலையிலிருந்து மரங்கள் வரைக்கும் 1:100-ல் ஒரே நீளமான செக்‌ஷனாக வரைந்தார். நில மட்டத்தைத் தடித்த கருப்புக் கோடாகப் போட்டு, ஒவ்வொரு தளத்திலும் ஒரு மனிதரை நிற்கவோ உட்காரவோ வைத்தார். மனித உருவம் அலங்காரத்துக்கு இல்லை. 750 மில்லிமீட்டர் என்றால் ஒரு மேஜையின் உயரம். மேல் தளத்து விளிம்பில் நிற்கிறவரின் கால் கீழ்த்தளத்து மேஜை மட்டத்தில் இருக்கிறது என்பதை எண் சொல்லாது, அந்த உருவம் சொல்லிவிடும்.

அந்தப் பெரிய ஓவியத்துக்கு இடப்பக்கம் சைட்டின் சின்ன ஸ்கெட்ச், சத்தம் எங்கே அதிகம் எங்கே குறைவு என்று நிழலிட்டு. வலப்பக்கம் 1:200-ல் பிளான். கீழே உள்ளிருந்து ஒரு பார்வை. இவ்வளவு போதும். ஓரத்தில் மட்டும், கைவிட்ட இரண்டு யோசனைகளைப் பட்டர் பேப்பரில் இருந்தபடியே சின்னதாக ஒட்டச் சொன்னேன். அந்தத் திறந்த புத்தகக் கூரையும் அதில் ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் ஏன் விட்டேன் என்று ஒரு வரி. ஜூரியில் அடிக்கடி வருகிற “இப்படிச் செய்து பார்த்தாயா?” என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே தொங்கும்.

இரண்டு சின்ன விஷயம் சொல்லிவிடுகிறேன், இவற்றால் வீணாகிற நேரத்தைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். எல்லா ஓவியத்திலும் சைட் ஒரே திசையில் இருக்கட்டும். செக்‌ஷனில் சாலை இடப்பக்கம் என்றால் பிளானிலும் சாலை இடப்பக்கமே. திருப்பிப் போட்டால் ஜூரி உங்கள் பேச்சைக் கேட்காமல் மனதுக்குள் பிளானைச் சுழற்றிக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று கோட்டின் தடிப்பு. ஜூரி இரண்டு மூன்று மீட்டர் தள்ளித்தான் உட்காருவார்கள். ஷீட்டை ஒட்டிவிட்டு போனில் படமெடுத்து, பெரிதாக்காமல் அந்தச் சின்னப் படத்தில் பாருங்கள். வெட்டுப்படுகிற சுவரும் தரையும் அதில் தெரியவில்லையென்றால் தூரத்திலிருந்தும் தெரியாது. பென்சிலின் மெல்லிய சாம்பல் கோடு மேஜையில் அழகு, சுவரில் காணாமல் போய்விடும்.

பேச்சுக்கு மூன்று நிமிடம் போதும். “இது பிளான், இது செக்‌ஷன், இது வியூ” என்று சுவரில் இருப்பதைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், அவர்களுக்கே தெரியும். நூலகம் என்றால் என்ன என்ற விளக்கமும் வேண்டாம். சைட்டில் நீங்கள் கண்டதில் தொடங்குங்கள். அந்த மாணவி பேசியது ஏறக்குறைய இப்படி: “மேலே சாலையில் நின்றால் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. கீழே மரங்களுக்குள் இலைச் சத்தம் கேட்கிறது. நடுவில் சரிவு. நூலகமும் சத்தத்திலிருந்து அமைதிக்கு இறங்க வேண்டும் என்று நினைத்தேன்.” பிறகு கையைச் செக்‌ஷனில் வைத்து மேலிருந்து கீழே, ஒரு வாசகர் நடக்கிற வரிசையில் தளம் தளமாக வந்தார். பிளானைத் தொட்டது, சக்கர நாற்காலியில் வருகிறவர் இறங்குகிற சரிவுப்பாதையைக் காட்ட மட்டும்.

முடிக்கும்போது ஒரு காரியம் செய்தார், நீங்களும் செய்யுங்கள். “கூரை படிப்படியாக இறங்குவதா, ஒரே சாய்வாக இருப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, அதில் உங்கள் கருத்து வேண்டும்” என்றார். கான்செப்ட் கட்டத்தில் முடிவாகாத விஷயம் இருப்பது இயல்பு. நீங்களே அதை எடுத்துவைத்தால் அது உங்கள் கேள்வியாகிறது. ஜூரி கண்டுபிடித்தால் அதே விஷயம் ஓட்டையாகிவிடும்.

அவரிடம் வந்த முதல் கேள்வி கூரையைப் பற்றி இல்லை. செக்‌ஷனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்: “இந்த ரேம்ப் என்ன சரிவும்மா?”

“ஒன்றுக்குப் பன்னிரண்டு சார்.”

“மொத்தம் எவ்வளவு இறங்குது?”

“மூன்று மீட்டர்.”

“அப்போ ரேம்ப் எவ்வளவு நீளம்?”

இந்த இடத்தில்தான் பலர் “அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் சார், இது கான்செப்ட் லெவல்தான்” என்பார்கள். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். கணக்கைப் பாருங்கள். ஐந்து தளங்களுக்கு நடுவே நான்கு இறக்கம், மொத்தம் 3 மீட்டர். 1:12 சரிவில் 3 மீட்டர் இறங்க 36 மீட்டர் வேண்டும். பல நாட்டு விதிகளில் ஏறத்தாழ 750 மில்லிமீட்டர் ஏறியதும் ஓய்வுத் தளம் வைத்தாக வேண்டும்; 1.5 மீட்டர் வீதம் நடுவில் மூன்று, அது 4.5 மீட்டர். ஆக 40.5 மீட்டர். கட்டடமோ ஐந்து தளமும் சேர்ந்து 30 மீட்டர். அவர் ரேம்பை நிலக்கோட்டோடு ஒட்டி, ஒரே நேர்கோடாக வரைந்திருந்தார். நிலம் 1:8, அப்படியானால் வரைந்த ரேம்பும் 1:8. அதில் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு ஏறுவது பெரும்பாலோருக்கு மிகக் கடினம். கையால் வரைந்த கோடு கண்ணுக்கு மென்மையாகத் தெரிந்ததால் அவருக்குப் படவில்லை.

அவர் செய்தது இதுதான். பதில் சொல்லாமல் சில நொடி நின்றார். ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால் 36 + 4.5 என்று எழுதினார். “40.5 வருகிறது சார். என் கட்டடம் 30 மீட்டர்தான். நான் வரைந்திருப்பது 1:8, அது தவறு. நேராக இறங்க முடியாது, மடக்க வேண்டும்” என்றார். அறையில் யாரும் அதற்குமேல் அந்தத் தவறைப் பேசவில்லை. பேச்சு உடனே எப்படி மடக்குவது என்பதற்குப் போய்விட்டது.

அளவும் கணக்கும் சம்பந்தப்பட்ட கேள்விக்குப் பதில் எண்ணாகத்தான் இருக்க வேண்டும். தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் அங்கேயே போடுங்கள், தவறென்றால் எது தவறு என்று குறிப்பாகச் சொல்லுங்கள். “மன்னிக்கணும் சார், எல்லாத்தையும் மாத்திடறேன்” என்பது ஒத்துக்கொள்வதைப் போலத் தெரியும், ஆனால் எதையும் ஒத்துக்கொள்ளாத வாக்கியம் அது. தவறு ரேம்பில் இருக்கிறது, தளங்களில் இல்லை. எல்லாவற்றையும் மாற்றுகிறேன் என்றால் நல்ல தளங்களையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறீர்கள்.

அதே இடத்தில் அவருக்கு ஒரு வழியும் தெரிந்தது. 750 மில்லிமீட்டர் இறங்க 9 மீட்டர் வேண்டும், கட்டடத்தின் அகலம் 16. ஆக ரேம்பை நீளவாக்கில் விடாமல் குறுக்கே போடலாம். முதல் இறக்கம் இடமிருந்து வலம், தளத்தைக் கடந்து அடுத்தது வலமிருந்து இடம், மலைப்பாதை மாதிரி. தளங்களே ஓய்வுத் தளங்களாகிவிடும். இப்படிச் செய்தால் ரேம்ப் வழியாக இறங்குகிறவர் ஒவ்வொரு தளத்தையும் கடந்துதான் அடுத்ததற்குப் போக முடியும். படிப்படியாக அமைதிக்கு இறங்குவது என்ற அவருடைய வாக்கியத்துக்கு இது முன்பைவிடப் பொருத்தம். ஒரு தொழில்நுட்பக் கேள்வி கான்செப்டையே கூர்மையாக்கிவிட்டுப் போனதை அங்கே நேரில் பார்த்தேன்.

இரண்டாவது கேள்விதான் கடினமானது, அது கான்செப்டின் வேரிலேயே கைவைத்தது. இன்னொரு ஜூரி கேட்டார்: “ஐந்து தளமும் ஒரே கூரைக்குக் கீழே, நடுவில் சுவரே இல்லை. மேலே குழந்தைகள் சிரித்தால் கீழே கேட்காதா? சத்தம் இறங்க இறங்க அடங்கும் என்று எதை வைத்துச் சொல்கிறாய்?”

வாதாடுகிற ஆசை இந்த மாதிரிக் கேள்வியில்தான் வரும். “நிலத்தில் அடங்குகிறதே மேடம்” என்று அவரும் தொடங்கினார், பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது நல்லது. திறந்தவெளியில் ஒரே இடத்திலிருந்து வரும் சத்தம், தூரம் இருமடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். மூடிய அறையில், அதுவும் கெட்டியான கூரையும் தரையும் இருந்தால், எதிரொலி சேர்ந்துகொள்வதால் கொஞ்ச தூரத்துக்குப் பிறகு அவ்வளவு குறையாது. முக்கால் மீட்டர் இறக்கம் தடுப்பும் ஆகாது. சைட்டில் அவர் கேட்டது உண்மை. ஆனால் அதைக் கட்டடத்துக்குள் அப்படியே கொண்டுவந்துவிட்டோம் என்று நம்பியதுதான் பிழை.

இப்படிப்பட்ட கேள்வியில் கான்செப்டையும், அதை நிறைவேற்ற நீங்கள் எடுத்த வழியையும் மனதுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். ஜூரி பெரும்பாலும் வழியைத்தான் அடிக்கிறார்கள். அடி கான்செப்டின் மேல் விழுந்ததாக நினைத்து, மாணவர் அதைக் காப்பாற்றப் பாய்கிறார். அந்த மாணவி கடைசியில் சொன்ன பதில் இது: “சத்தத்திலிருந்து அமைதிக்கு இறங்க வேண்டும் என்பதை விடமாட்டேன். தளம் இறங்கினாலே அது நடந்துவிடும் என்று நினைத்தேன், அது நடக்காது என்று புரிகிறது. இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு வைக்கலாம். அல்லது கூரையையும் படிப்படியாக இறக்கி, அடிப்பக்கத்தில் சத்தத்தை உறிஞ்சுகிற பொருளைப் போடலாம். இரண்டையும் செக்‌ஷனில் வரைந்து பார்க்கிறேன்.” கவனித்தீர்களா, அவர் முடிவு செய்யாமல் வைத்திருந்த கூரைக்கு இங்கே ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

எதை விடுவது, எதைப் பிடித்துக்கொள்வது என்பதை ஜூரிக்கு முந்தின இரவே எழுதி வையுங்கள். ஒரு காகிதத்தில் “விடமாட்டேன்” என்று இரண்டு விஷயம், “மாற்றலாம்” என்று மற்றதெல்லாம். இரண்டுக்கு மேல் விடமாட்டேன் என்றால் நீங்கள் வாதாடத்தான் போகிறீர்கள். ஒன்றுகூட இல்லையென்றால் வருகிற ஒவ்வொருவரும் சொல்கிறபடி கட்டடம் வளைந்துகொண்டே போகும்.

வேறு சில கருத்துகளும் வரும். “நானாக இருந்தால் கூரையை வளைத்திருப்பேன்” என்பது ரசனை. அதற்குப் பதில் தேடவேண்டாம், “வளைவு எதற்கு உதவும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். சில நேரம் அதன் பின்னால் ஒளி, மழைநீர் என்று உருப்படியான காரணம் இருக்கும், அதுதான் உங்களுக்கு வேண்டியது. காரணம் இல்லையென்றால் குறித்துக்கொண்டு நகருங்கள். கேள்வி புரியவில்லையென்றால், “கேட்பது உள்ளே வருகிற வழியைப் பற்றியா, அறைகளின் வரிசையைப் பற்றியா?” என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். புரியாத கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்வதைப்போல வீண் எதுவும் இல்லை.

இரண்டு ஜூரி ஒருவருக்கொருவர் முரண்படுவதும் நடக்கும். கண்ணாடித் தடுப்பு வேண்டும் என்று ஒருவர், தடுப்பு வந்தால் இறங்குகிற அனுபவமே போச்சு என்று இன்னொருவர். நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள், யார் பக்கமும் சாயாதீர்கள். கேட்டுக்கொண்டே இருங்கள். அவர்கள் மோதுகிற இடம்தான் உங்கள் டிசைனில் இன்னும் தீராத பிரச்சினை. இங்கே அது கண்ணுக்குத் திறப்பு, காதுக்கு அடைப்பு என்பது. அதை அப்படியே திருப்பிச் சொன்னால் போதும்: “பார்வை தடையில்லாமல் போக வேண்டும், சத்தம் போகக்கூடாது, இதைத்தான் நான் தீர்க்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன்.” அந்த மாணவி இதைச் சொன்னதும் இரண்டு பேரும் தலையசைத்தார்கள்.

நின்று பேசும்போது உங்களால் எழுத முடியாது, அதனால் ஒரு நண்பரிடம் நோட்டைக் கொடுத்து, சொன்னதைச் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். சுருக்கச் சொல்லாதீர்கள். “ரேம்ப் சரியில்லை” என்று எழுதினால் மறுநாள் அதற்கு ஒரு பொருளும் இருக்காது. “மூன்று மீட்டர் இறங்க ரேம்ப் எவ்வளவு நீளம்” என்று எழுதினால் கேள்வி உயிரோடு இருக்கும். பதற்றத்தில் நமக்குத் திட்டு மட்டும்தான் நினைவில் நிற்கிறது, நல்லது சொன்னதும் கேள்வியாகக் கேட்டதும் மறந்துபோகிறது. அதற்கும் அந்த நோட்டு வேண்டும்.

அன்று சாயங்காலமே, களைப்பாக இருந்தாலும், ஜூரியில் தொங்கிய செக்‌ஷன் மேல் ஒரு பட்டர் பேப்பரைப் போட்டு மாற்றங்களை வரையுங்கள். அந்த மாணவி அப்படித்தான் செய்தார். குறுக்கே போகிற நான்கு ரேம்ப், இரண்டாம் தளத்தின் விளிம்பில் புத்தக அலமாரியும் அதற்குமேல் கூரைவரை கண்ணாடியும், தளத்தோடு சேர்ந்து இறங்குகிற கூரை. அடுத்த ரிவ்யூவில் பழைய செக்‌ஷனையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, பென்சிலால் எழுதிய அந்த 40.5-ஐ அழிக்காமல் வைத்திருந்தார். முதல் ஜூரியில் ரேம்பைக் கேட்டவர் வந்ததும் நேராக அந்த எண்ணிடம்தான் போனார்.